வெளிநாட்டு கார்டு மெஷின் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால்

கேள்வி: சிங்கப்பூரில் ஹோட்டல் பில் 400 டாலர். கார்டு மெஷின் SGD 400.00 என்றும் INR 27,300.00 என்றும் இரண்டு தொகை காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. ரூபாயிலேயே போகட்டும், எவ்வளவு என்று இப்போதே தெரிந்துவிடுமே என்று நினைத்து INR-ஐ அமுக்கினேன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் பார்த்தால் மொத்தம் 27,622 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். ரூபாயில்தானே கட்டினேன், மேலே 322 ரூபாய் எதற்கு? டாலரிலேயே கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

பதில்:

அந்த 322 ரூபாயைப் பிடித்தது உங்கள் வங்கி. அது எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு உண்மையில் போன பெரிய தொகை அது இல்லை. அந்த 27,300-க்குள்ளேயே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஏற்கெனவே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. தனி வரியாகக் காட்டாததால் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்தது என்று பார்த்துவிடுவோம். கார்டைச் செருகியதும் அல்லது தட்டியதும், கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களை மெஷின் படிக்கிறது. எந்த வங்கி, எந்த நாடு, எந்த நாணயத்துக் கார்டு என்பதெல்லாம் அந்த இலக்கங்களிலேயே இருக்கிறது. இந்தியக் கார்டு என்று தெரிந்தவுடன், அந்த ஹோட்டலுக்கு மெஷின் கொடுத்திருக்கும் சிங்கப்பூர் வங்கியோ, அந்த வங்கியோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்யும் நாணய மாற்று நிறுவனமோ, தானே ஒரு மாற்று விகிதம் வைத்து 400 டாலரை ரூபாயாக்கிக் காட்டுகிறது. இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. ஸ்டேட்மென்டிலும் வங்கியின் கட்டணப் பட்டியலிலும் DCC என்றுதான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, விகிதத்தை யார் வைக்கிறார்கள் என்பதுதான். நீங்கள் SGD-ஐ அமுக்கியிருந்தால் 400 டாலர் என்ற தொகை அப்படியே விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக இந்தியாவுக்கு வந்திருக்கும். ரூபாயாக மாற்றுவதற்கு அந்த நெட்வொர்க்கின் விகிதம் பயன்பட்டிருக்கும். அது கூகுளில் தேடினால் காட்டும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும், பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். INR-ஐ அமுக்கினால் மாற்றம் ஹோட்டல் கவுண்டரிலேயே முடிந்துவிடுகிறது, விகிதம் அந்த மாற்று நிறுவனம் வைத்ததாகிவிடுகிறது. சந்தை விகிதத்துக்கு மேலே அவர்கள் வைக்கும் லாபம் மூன்று, நான்கு சதவீதத்தில் தொடங்கி ஏழெட்டு வரை போகும். ஏடிஎம்மில் பத்தையும் தாண்டுவது உண்டு. அந்த லாபத்தில் ஹோட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு. ரிசப்ஷனில் இருப்பவர் “ரூபாயில் போட்டுவிடட்டுமா சார்?” என்று அவ்வளவு அன்பாகக் கேட்பதன் காரணம் அதுதான். அவரையும் குறை சொல்ல முடியாது, அப்படிக் கேட்கச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் பில்லை எடுத்துக்கொள்வோம். 27,300-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு 68 ரூபாய் 25 காசு. உங்கள் ரசீதிலும் இந்த விகிதம் எங்காவது சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அன்றைய நெட்வொர்க் விகிதம் 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் தேதி கொடுத்து விகிதம் பார்க்கும் பக்கம் இருக்கிறது. அங்கே உங்கள் தேதியைப் போட்டு, வரும் எண்ணை 65-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

65 ரூபாய் விகிதத்தில் 400 டாலர் என்பது 26,000 ரூபாய். மெஷின் காட்டியது 27,300. அதாவது 1,300 ரூபாய், சரியாக 5 சதவீதம், அந்தக் கவுண்டரிலேயே ஏறிவிட்டது.

அப்புறம் வங்கியின் 322. இந்திய வங்கிகள் பலவற்றின் கிரெடிட் கார்டு கட்டணப் பட்டியலில் ஒரு வரி இருக்கும்: வெளிநாட்டில் உள்ள கடையிலோ, வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடமோ ரூபாயில் கட்டினாலும் 1 சதவீதம் அல்லது அதை ஒட்டிய டிசிசி கட்டணம் உண்டு, அதற்கு மேல் ஜிஎஸ்டி. 27,300-இல் 1 சதவீதம் 273 ரூபாய். அந்த 273-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 49 ரூபாய் 14 காசு. இரண்டும் சேர்ந்து 322 ரூபாய் 14 காசு. உங்கள் கணக்கில் மேலே பிடித்த தொகை இதுதான். பரிவர்த்தனை ஒரு தேதியிலும் இந்தக் கட்டணம் சில நாள் கழித்தோ பில் தேதியிலோ தனியாகவும் வரும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை.

ரூபாயில் வந்த தொகைக்கு வங்கி ஏன் கட்டணம் போட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். கடை வேறு நாட்டில், கார்டு வேறு நாட்டில் என்றாலே அது நெட்வொர்க்கின் பார்வையில் எல்லை தாண்டிய பரிவர்த்தனை. தொகை எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அதற்காக நெட்வொர்க் வங்கியிடம் ஒரு கட்டணம் வாங்குகிறது. நீங்கள் டாலரில் கட்டியிருந்தால், வெளிநாட்டு நாணயத் தொகைக்கு மேல் வங்கி ஒரு சதவீதம் சேர்த்து வாங்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப் அதற்குக் கிடைத்திருக்கும், அதில் இதைச் சரிக்கட்டியிருப்பார்கள். ரூபாயில் கட்டியதால் அந்த மார்க்கப் சிங்கப்பூரிலேயே வேறொருவர் பைக்குப் போய்விட்டது. அதனால் வங்கி இந்த வழியில் வசூலிக்கிறது. செலவு உங்களுடையதாகவே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, டாலரிலேயே கட்டியிருந்தால்? அது உங்கள் கார்டின் ஃபாரெக்ஸ் மார்க்கப் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சாதாரண இந்தியக் கார்டுகளில் இது 3.5 சதவீதம். 26,000-க்கு 910 ரூபாய், அந்த 910-க்கு ஜிஎஸ்டி 163 ரூபாய் 80 காசு. மொத்தம் 27,073 ரூபாய் 80 காசு ஆகியிருக்கும். நீங்கள் கட்டியதைவிட 548 ரூபாய் குறைவு. மார்க்கப் 2 சதவீதம் உள்ள கார்டு என்றால் 26,613 ரூபாய் 60 காசு, கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் மிச்சம். மார்க்கப்பே இல்லாத கார்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் 26,000-தான், 1,622 ரூபாய் வீணாகப் போயிருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே மார்க்கப் இல்லாத கார்டு வாங்கி, அதை மெஷினில் செருகி INR-ஐ அமுக்குவதைப் போல வருத்தமான காரியம் வேறில்லை. அந்தக் கார்டின் சலுகை முழுவதும் ஒரே பட்டனில் போய்விடும்.

இந்தக் கணக்கில் ஒரு நேர்மையான திருப்பமும் இருக்கிறது. டிசிசி எப்போதுமே நஷ்டம் என்று சொல்பவர்கள் வங்கியின் 3.5 சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டியோடு சேர்த்து அது 4.13 சதவீதம். உங்கள் வங்கி டிசிசி கட்டணம் எதுவும் வாங்காத வங்கி, மெஷின் ஏற்றியிருப்பது வெறும் 3 சதவீதம் என்றால், ரூபாயில் கட்டுவதுதான் மலிவு: 26,780 ரூபாயில் முடிந்துவிடும், டாலரில் கட்டினால் 27,073. வங்கி 1 சதவீத டிசிசி கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்கும் என்றால் மெஷினின் லாபம் ஏறக்குறைய 2.9 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ரூபாய் மலிவாகும். 2 சதவீத மார்க்கப் கார்டுக்கு இந்த எல்லை 1.2 சதவீதம். அந்த அளவு குறைந்த லாபத்தில் டிசிசி கொடுக்கும் மெஷின் அபூர்வம். மார்க்கப் இல்லாத கார்டுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளூர் நாணயத்தை அமுக்குவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 3.5 சதவீதக் கார்டு வைத்திருப்பவர் மட்டும், தொகை பெரிதாக இருந்தால், கவுண்டரில் அரை நிமிடம் செலவழித்துப் பார்க்கலாம்.

எப்படிப் பார்ப்பது? செல்போனில் அன்றைய சந்தை விகிதத்தை எடுத்து, உள்ளூர்த் தொகையோடு பெருக்கி, அதற்கு மேல் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிச் சேருங்கள். 400 டாலர், 65 ரூபாய் என்றால் 27,070 சொச்சம் வரும். மெஷின் காட்டும் ரூபாய்த் தொகையோடு உங்கள் வங்கியின் டிசிசி கட்டணத்தைச் சேர்த்தால் இதைவிடக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். மெஷின் 27,300 என்று காட்டும்போதே தாண்டிவிட்டதால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை. மெஷினே மார்க்கப் இத்தனை சதவீதம் என்று திரையில் காட்டுவதும் உண்டு. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், ஏனென்றால் எந்த விகிதத்துக்கு மேலே அந்தச் சதவீதம் என்பது ஒவ்வோர் இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ரூபாய்த் தொகையை டாலர்த் தொகையால் வகுத்து வரும் எண்தான் பொய் சொல்லாது.

“இப்போதே எவ்வளவு என்று தெரிந்துவிடுமே” என்று எழுதியிருந்தீர்கள். டிசிசி தரும் ஒரே உண்மையான வசதி அதுதான், அதனால் அதற்கும் ஒரு விலை போட்டுப் பார்க்கலாம். உள்ளூர் நாணயத்தில் கட்டினால், கார்டைத் தட்டிய நொடியின் விகிதத்தில் கணக்கு முடிவதில்லை. பொதுவாக ஓரிரு நாள் கழித்து அந்தப் பரிவர்த்தனை நெட்வொர்க்கில் தீர்வாகும்போது உள்ள விகிதம்தான் பொருந்தும். அதனால் முதலில் எஸ்எம்எஸ்ஸில் வரும் தொகைக்கும் ஸ்டேட்மென்டில் வரும் தொகைக்கும் சின்ன வித்தியாசம் இருக்கலாம். இந்த இடைவெளியில் ரூபாய் சரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் பயம். உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், டாலரில் கட்டுவது நீங்கள் கட்டிய 27,622 ரூபாயைத் தொட வேண்டும் என்றால், அந்த இரண்டு நாளுக்குள் சிங்கப்பூர் டாலர் 65-இலிருந்து 66 ரூபாய் 32 காசுக்கு ஏறியிருக்க வேண்டும். இரண்டு சதவீத ஏற்றம். அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு மூன்று நாளில் அவ்வளவு ஏறுவது அரிது. விகிதம் இறங்கினால் லாபம் உங்களுக்குத்தான். வரலாம் வராமலும் போகலாம் என்ற ஒரு சின்ன நஷ்டத்துக்குப் பயந்து, நிச்சயமான 548 ரூபாய் நஷ்டத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது. அலுவலகப் பயணம், ரூபாய்த் தொகை போட்ட ரசீது இருந்தால்தான் கணக்குப் பிரிவு பணம் திருப்பித் தரும் என்பது போன்ற நிலைமை இருந்தால் மட்டும் இந்த வசதிக்கு ஓர் அர்த்தம் உண்டு.

இனி கவுண்டரில் நடக்கும் தில்லுமுல்லுகளைச் சொல்கிறேன். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிப்படியும் எந்த நாணயம் என்பதைக் கார்டு வைத்திருப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு தொகையையும் விகிதத்தையும் காட்ட வேண்டும், கடைக்காரரே ஒன்றை முடிவு செய்துவிடக் கூடாது. நடைமுறையில், மெஷின் கவுண்டருக்கு உள்ளே இருக்கும்போது பணியாளரே INR-ஐ அமுக்கிவிட்டு, பின் எண் போடும் திரையோடு உங்கள் பக்கம் திருப்புவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் பின் எண் போடும் முன் திரையில் என்ன நாணயம் என்று பார்ப்பது முக்கியம். அங்கே INR என்று இருந்தால், பின் எண்ணைப் போடாமல், சிவப்பு கேன்சல் பட்டனை அமுக்கி, உள்ளூர் நாணயத்தில் திரும்பப் போடச் சொல்லலாம். தட்டிக் கட்டும் சிறு தொகைகளில் பின் எண் கேட்காது, ரசீது வந்த பிறகுதான் தெரியும்.

ரசீதைப் படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சாதாரணப் பரிவர்த்தனை என்றால் ஒரே ஒரு தொகை, உள்ளூர் நாணயத்தில் இருக்கும். டிசிசி என்றால் இரண்டு நாணயத்திலும் தொகை, மாற்று விகிதம், அதற்குக் கீழே “எனக்கு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டது, என் தேர்வு இறுதியானது” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அதற்கு அடியில் உங்கள் கையெழுத்து. பின்னால் தகராறு வந்தால் கடைக்காரர் நீட்டும் சாட்சி இந்தத் தாள்தான், அதனால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இந்திய வங்கிகளின் எஸ்எம்எஸ்ஸும் இதற்குக் கைகொடுக்கும். உள்ளூர் நாணயத்தில் போயிருந்தால் SGD 400 என்று வரும், டிசிசி என்றால் முழு ரூபாய்த் தொகை INR என்று வரும். கவுண்டரை விட்டு நகரும் முன் போனைப் பார்த்துவிடுங்கள்.

தவறாக INR போய்விட்டது என்று அங்கேயே தெரிந்தால், “வாய்ட்” செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் ‘ரீஃபண்ட்’ என்ற சொல்லுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். வாய்ட் என்பது அன்றைய கணக்கை மெஷின் வங்கிக்கு அனுப்பும் முன் அந்தப் பரிவர்த்தனையையே ரத்து செய்வது. காசு போகவே இல்லை என்றாகிவிடும். ரீஃபண்ட் என்பது போன பணத்தைத் தனியாகத் திருப்பி அனுப்பும் இன்னொரு பரிவர்த்தனை. அதற்கு அன்றைய விகிதம் வேறாக இருக்கும், போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை என்று நடுவில் கொஞ்சம் கழிந்துவிடும். முதலில் வாங்கிய டிசிசி கட்டணத்தை வங்கி திருப்பித் தருமா என்பதும் தனிக் கேள்வி. கடைகள் பெரும்பாலும் இரவில் கணக்கை மூடும், ஆகவே அன்றைக்கே கேட்டால்தான் வாய்ட் சாத்தியம்.

ஹோட்டலில் இன்னொரு வழியும் இருக்கிறது. செக்-இன் செய்யும்போது நிரப்பித் தரும் பதிவுப் படிவத்திலோ, முன்பணம் பிடித்து வைக்கும்போது தரும் சீட்டிலோ, “என் கார்டின் நாணயத்தில் வசூலிக்கச் சம்மதம்” என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், கிளம்பும் நாளில் யாரும் கேட்காமலேயே ரூபாயில் பிடித்துவிடுவார்கள். வாடகைக் கார் ஒப்பந்தத்திலும் இதே கதை. படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கையெழுத்துக்குப் பக்கத்தில் SGD ONLY என்று எழுதிவைப்பது பலன் தரும். பில் தீர்க்கும்போது அதைக் காட்டிப் பேசலாம்.

ஏடிஎம்மில் இதன் முகம் வேறு மாதிரி இருக்கும். அங்கே SGD, INR என்று பட்டன் இருக்காது. நீளமான ஆங்கில வாசகம் ஒன்றைக் காட்டி ACCEPT CONVERSION, DECLINE CONVERSION என்று கேட்கும். டிக்ளைன் என்று அமுக்கினால் பணமே வராமல் போய்விடுமோ என்று பயந்துதான் பலர் அக்செப்ட் செய்கிறார்கள். நிராகரிப்பது மாற்றத்தைத்தான், பணம் எடுப்பதை இல்லை. டிக்ளைன் செய்தாலும் உள்ளூர் நாணயத்தில் கணக்கு எழுதி நோட்டு வெளியே வரும். பாங்காக்கில் 10,000 பாட் எடுக்கிறீர்கள், ஒரு பாட் 2 ரூபாய் 60 காசு என்று வைத்துக்கொண்டால் 26,000 ரூபாய். பத்து சதவீதம் ஏற்றிய மெஷினில் அக்செப்ட் செய்தால் 28,600. டிக்ளைன் செய்து, வங்கியின் 3.5 சதவீதமும் ஜிஎஸ்டியும் கட்டினாலும் 27,073-தான். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் ஒரு கட்டணம் எடுக்கும், அதைத் தவிர்க்க முடியாது. எதை அமுக்கினாலும் அது உண்டு. அந்தக் கட்டணத் திரைக்கு ஒத்துக்கொள்வதும் மாற்று விகிதத் திரைக்கு ஒத்துக்கொள்வதும் வேறுவேறு. அடுத்தடுத்து வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்து அக்செப்ட், அக்செப்ட் என்று அமுக்கிவிடுகிறார்கள். அது தவிர, உங்கள் வங்கியும் வெளிநாட்டில் பணம் எடுப்பதற்கென்று ஒரு கட்டணம் வைத்திருக்கலாம்.

சிங்கப்பூர் டாலரை முன்பே ஏற்றி வைத்த ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள்தான் இதில் மிக மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். கார்டுக்குள் டாலர் இருப்பது மெஷினுக்குத் தெரியாது. கார்டு எண்ணை வைத்து இந்தியக் கார்டு என்றோ அமெரிக்க டாலர் கார்டு என்றோ முடிவுகட்டி, அந்த நாணயத்தில் தொகை காட்டும். நீங்கள் INR-ஐ அமுக்கினால் 400 டாலர் 27,300 ரூபாய் ஆகிறது. கார்டில் ரூபாய் இல்லை, டாலர்தான் இருக்கிறது. வங்கி அந்த 27,300-ஐத் திரும்ப டாலராக்கிக் கழிக்கும். 65 விகிதத்தில் அதுவே 420 டாலர். வேறு நாணயத்தில் கட்டியதற்காக வங்கி 3.5 சதவீதம் போட்டால் 435 டாலரை நெருங்கிவிடும். கையில் டாலரை வைத்துக்கொண்டு, டாலர் பில்லைக் கட்ட இரண்டு முறை மாற்றிய கதை இது. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிய நாணயமும் பில்லின் நாணயமும் ஒன்றாக இருக்கும்போது வேறு எந்த நாணயத்தையும் தொடவே வேண்டாம்.

இணையத்தில் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில வெளிநாட்டு நிறுவனங்களின் தளங்கள் விலையை ரூபாயிலேயே போடும். அந்த நிறுவனம் கட்டணம் வாங்கும் கணக்கு வெளிநாட்டில் பதிவாகியிருந்தால், வீட்டில் உட்கார்ந்து ரூபாயில் கட்டினாலும் அதே டிசிசி கட்டணமும் ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்டில் வரும். வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்கள் ஸ்டேட்மென்டில் DCC என்ற வரியைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர் சென்னையில் பெரிய ஹோட்டலிலோ நகைக்கடையிலோ தன் ஊர் கார்டைக் கொடுத்தால், அங்கே SGD, MYR என்று இதே கேள்வி வரும். அவர்கள் அமுக்க வேண்டியது INR. கடை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நாணயம், அவ்வளவுதான் கணக்கு.

கடைசியாக, உங்கள் 27,622 ரூபாயில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று பார்ப்போம். நீங்களே திரையைப் பார்த்து INR-ஐ அமுக்கியதால், புகாருக்கு இடமில்லை. வாய்ப்பே தராமல் பணியாளர் அமுக்கியிருந்தால் நிலைமை வேறு. விசாவின் தகராறு விதிகளில் 12.3 என்ற எண்ணில் தவறான நாணயம் என்று தனிப் பிரிவே இருக்கிறது, சம்மதமில்லாத டிசிசி அதில் அடங்கும். மாஸ்டர்கார்டிலும் இதற்கு வழி உண்டு. வங்கிக்கு எழுதும்போது “அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்” என்று எழுதினால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் கட்டணப் பட்டியலை ஒட்டி ஒரு பதில் அனுப்பி மூடிவிடுவார். “உள்ளூர் நாணயத்தில் கட்டவே கேட்டேன், நாணயத் தேர்வு எனக்குத் தரப்படவில்லை, ரசீதில் என் கையெழுத்து இல்லை” என்று எழுதி, SGD தொகை உள்ள ஹோட்டல் பில்லையும் INR தொகை உள்ள கார்டு ஸ்லிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பின் எண் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவது நல்லது, அந்தப் பதிவு அவர்களிடம் எப்படியும் இருக்கும். அப்படி வென்றாலும் திரும்பக் கிடைப்பது பொதுவாக முழுத் தொகை இல்லை, இரண்டு விகிதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். வங்கி பிடித்த 322 ரூபாயைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அதனால் அதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.